கட்டி கரைந்த பிறகும் மாத்திரை ஏன்?

காலில் முதல்முறை ரத்தக்கட்டி வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும்?" பலருக்கு மூன்று மாதம் போதும். சிலருக்கு நிறுத்தவே கூடாது. அப்படி நிறுத்தக் கூடாத ஒரு 27 வயதுப் பெண்ணுக்கு, ரத்தவியல் மருத்துவராக நான் எழுதிய கடிதம் இது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று அவர் சம்மதித்ததால், பெயரும் ஊரும் இல்லாமல் இங்கே தருகிறேன்.

அம்மா, வணக்கம்.

சென்ற வாரம் நீங்களும் உங்கள் கணவரும் வந்தபோது வெளிநோயாளிகள் பிரிவில் நல்ல கூட்டம். உங்கள் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல முடியவில்லை. "ஸ்கேனில் கட்டி போய்விட்டது என்கிறார்கள். என் அத்தைக்கும் இதே கட்டி வந்தது, அவருக்கு மூன்றே மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அரைகுறையாகப் பதில் சொன்னால், வீட்டில் யாராவது "இந்த வயதில் இவ்வளவு மாத்திரையா, விட்டுவிடு" என்று சொல்லும் நாளில் நீங்கள் விட்டுவிடக்கூடும். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். பிளட் தின்னர் என்றதும், அது ரத்தத்தை நீர்க்க வைத்துக் கட்டியைக் கரைக்கிறது என்றே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அது கட்டியைக் கரைப்பதில்லை. கரைக்கும் வேலையை உங்கள் உடம்பே செய்கிறது. ரத்தக்குழாயின் சுவரிலும் ரத்தத்திலும் உள்ள சில புரதங்கள் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, ரத்தம் ஓட வழி திறக்கின்றன. அந்த வேலை நடக்கும்போது பழைய கட்டியின் மேல் புதிதாக ரத்தம் உறையாமலும், அதன் துண்டு பிரிந்து நுரையீரலுக்குப் போகாமலும் மாத்திரை காவல் காக்கிறது. இதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் தேவை. அந்த மூன்று மாத மருந்து எல்லோருக்கும் பொது. உங்களுக்கும் உங்கள் அத்தைக்கும் அதுவரை ஒரே பாதைதான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு கேள்வி மாறிவிடுகிறது. வந்த கட்டியின் கதை அங்கே முடிகிறது. இன்னொரு கட்டி வருமா, வந்தால் எங்கே வரும் என்பதுதான் அதன் பிறகு நாங்கள் யோசிப்பது. ஆகவே, ஸ்கேனில் கட்டி தெரியவில்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. கட்டி எதனால் வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

உங்கள் அத்தைக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை சிகிச்சையில் திசுக்கள் காயப்படுகின்றன, உடம்பு ரத்தத்தை உறையவைக்கும் நிலைக்குப் போகிறது, பல நாள் நடமாட்டமும் குறைகிறது. அதனால் கட்டி வந்தது. காரணம் பெரியது, ஆனால் தற்காலிகமானது. புண் ஆறி அவர் நடக்கத் தொடங்கியதும் காரணம் நீங்கிவிட்டது. இப்படி அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டி வந்தவர்கள் மூன்று மாத மருந்தோடு நிறுத்தினால், முதல் ஆண்டில் நூறு பேரில் ஒருவருக்குத்தான் மறுபடி வருகிறது. அந்தச் சிறு அபாயத்துக்காக மருந்தின் ரத்தக்கசிவு ஆபத்தைச் சுமக்க வேண்டியதில்லை. அவருக்கு நிறுத்தியது சரியான முடிவு.

உங்களுக்கு அப்படி ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சை இல்லை, எலும்பு முறிவும் மாவுக்கட்டும் இல்லை, நீண்ட பயணம் இல்லை, கர்ப்பம் இல்லை, கருத்தடை மாத்திரையும் இல்லை. ஒரு காலையில் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, மூன்றாம் நாள் தொடை வரை வீங்கியது. டாப்ளர் ஸ்கேனில் தொடையின் ஆழ்சிரையில் கட்டி. காரணம் தெரியாமல் வரும் இத்தகைய கட்டியில் மருந்தை நிறுத்தினால், ஒரு வருடத்தில் நூறு பேரில் சுமார் 10 பேருக்கும், ஐந்து வருடத்தில் சுமார் 25 பேருக்கும், பத்து வருடத்தில் சுமார் 36 பேருக்கும் திரும்ப வருகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வெளியான கணக்கு இது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் கணக்கு ஆண்களையும் பெண்களையும் சேர்த்துப் போட்டது. பெண்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு ஆண்களைவிடக் குறைவு. இளம் வயது, பருமன் இல்லை, காலில் வீக்கமோ நிறமாற்றமோ தங்கவில்லை, டி-டைமர் பரிசோதனையும் குறைவாக வருகிறது என்றால், காரணம் தெரியாத கட்டி வந்த பெண்ணுக்கும் பெரும்பாலும் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். கனடா மருத்துவர்கள் இதற்கென ஒரு கணக்கீட்டு முறையே வகுத்திருக்கிறார்கள். அந்த முறைப்படி மட்டும் பார்த்தால் நீங்கள் மருந்தை நிறுத்தக்கூடிய கூட்டத்தில்தான் வருவீர்கள். ஆனால் உங்கள் ரத்தத்தில் இருக்கும் பிரச்சினை உள்ளவர்களுக்கு அந்த முறை பொருந்தாது.

அந்தப் பிரச்சினையின் முதல் தடயம், நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே, ஒரு மருந்தும் போடுவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் கிடைத்தது. ஏ.பி.டி.டி. என்ற பரிசோதனை, சோதனைக்குழாயில் ரத்தத்தின் பிளாஸ்மா உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும். சாதாரணமாக 30 விநாடியை ஒட்டி இருக்க வேண்டியது உங்களுக்கு 58 விநாடி. உங்கள் பிளாஸ்மாவோடு நல்ல ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து மறுபடி பார்த்தார்கள். உறைவதற்கு வேண்டிய புரதம் ஏதாவது உங்களிடம் குறைவாக இருந்திருந்தால், கலந்ததும் நேரம் சரியாகியிருக்கும். சரியாகவில்லை. குறைபாடு எதுவும் இல்லை, உறைவதைத் தடுக்கும் பொருள் ஒன்று உங்கள் பிளாஸ்மாவில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தட்டணுக்களும் 1,10,000 என்று சற்றுக் குறைவாக இருந்தன.

ரத்தம் தாமதமாக உறைகிறது என்று ஆய்வகம் சொல்கிறது. காலிலோ ரத்தம் உறைந்து கிடக்கிறது. இந்த முரண்பாட்டைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று பெயர். 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதை ஒரு தனி நோயாக எடுத்துக் காட்டினார்.

கிருமியை எதிர்க்க உடம்பு ஆன்டிபாடிகளை உண்டாக்கும் என்று கொரோனா காலத்தில் எல்லோரும் தெரிந்துகொண்டோம். சிலருக்கு உடம்பு தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்குகிறது. உங்கள் உடம்பு அப்படிக் குறிவைக்கும் முக்கியமான புரதத்தின் பெயர் பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன். செல்களின் மேற்பரப்பில் உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. சோதனைக்குழாயில் ரத்தம் உறைய நாங்கள் சேர்க்கும் பொருளிலும் இதே கொழுப்புதான் இருக்கிறது. உங்கள் ஆன்டிபாடிகள் அதைப் பிடித்துக்கொள்வதால் குழாயில் ரத்தம் மெல்ல உறைகிறது. உடம்புக்குள் அதே ஆன்டிபாடிகள் ரத்தக்குழாயின் உள்சுவரையும் தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் தூண்டிவிடுகின்றன. தூண்டப்பட்ட சுவரில் ரத்தம் சுலபமாக உறைகிறது.

இந்த முரண்பாட்டை நீங்கள் நினைவில் வைத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. எப்போதாவது வேறு மருத்துவமனையில் பல் பிடுங்கவோ சிறு அறுவை சிகிச்சைக்கோ போவீர்கள். அங்கே ஏ.பி.டி.டி. நீண்டிருப்பதைப் பார்த்து, "உங்களுக்கு ரத்தம் உறைவதே இல்லை, பிளாஸ்மா ஏற்ற வேண்டும், மாத்திரையை நிறுத்துங்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். அந்த எண்ணை நம்பி மருந்தை நிறுத்துவது உங்களுக்கு ஆபத்து. நான் கொடுத்த அட்டையில் நோயின் பெயரும், ஏ.பி.டி.டி. நீண்டிருப்பது இந்த ஆன்டிபாடியால்தான் என்ற வரியும் இருக்கின்றன. அதைக் காட்டுங்கள்.

தடயம் கிடைத்த அன்றே ஏன் இந்த நோய் என்று சொல்லவில்லை? சாதாரணத் தொற்றுகளுக்குப் பிறகுகூட இந்த ஆன்டிபாடிகள் சில வாரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். கட்டி புதிதாக இருக்கும்போது உடம்பில் உள்ள அழற்சியும் பரிசோதனையைக் குழப்பும். அதனால் குறைந்தது 12 வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நோய் என்று சொல்வது உலகெங்கும் உள்ள விதி. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஓர் இளம்பெண்ணுக்குக் காலவரையற்ற மருந்து எழுதுவது தவறு.

உங்களுக்குப் பார்த்தவை மூன்று பரிசோதனைகள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஒன்று, கார்டியோலிப்பின் ஆன்டிபாடி ஒன்று, பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி ஒன்று. முதல் முறை மூன்றும் பாசிட்டிவ். கார்டியோலிப்பின் அளவு 96 யூனிட். 40-ஐத் தாண்டினாலே நாங்கள் பொருட்படுத்துவோம். 13 வாரம் கழித்துப் பார்த்தபோது 88. மூன்றும் மறுபடி பாசிட்டிவ். நீங்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த ரிவரோக்சபான் மாத்திரை, முதல் பரிசோதனையைப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்ட வைக்கும். அதனால்தான் அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் ரத்தம் கொடுக்கச் சொல்லி, ஆய்வகத்துக்கும் மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பினேன். மற்ற இரண்டு பரிசோதனைகளை மருந்து பாதிக்காது. அந்த இரண்டும் இரு முறையும் உயர்ந்தே இருந்தன என்பதால் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெயரில் லூபஸ் என்று வருவதைப் பார்த்து இணையத்தில் தேடிப் பயந்திருக்கிறீர்கள். உங்களுக்கு லூபஸ் நோய் இல்லை. அதற்கான பரிசோதனைகள் நெகட்டிவ், மூட்டுவலி, தோல் தடிப்பு போன்ற அறிகுறிகளும் இல்லை.

மூன்றும் பாசிட்டிவ் என்பது இந்த நோயிலேயே அதிக ஆபத்துள்ள வகை. மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1995-இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்றும் என் மனதை விட்டு அகலாதது. கட்டி வந்த 147 நோயாளிகளின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். 101 பேருக்கு மறுபடி கட்டி வந்திருந்தது. அதிலும் வார்ஃபரினை நிறுத்திய முதல் ஆறு மாதத்தில்தான் மிக அதிகமாக வந்தது. மருந்து போதுமான அளவில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு மிகக் குறைவு. பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த கடினமான நோயாளிகளின் கூட்டம் அது என்பதால், எல்லோருக்கும் அதே விகிதம் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது காட்டும் திசை தெளிவு.

இன்னொரு விஷயம், உங்கள் கேள்வியில் இல்லாதது. இந்த ஆன்டிபாடி சிரையில் மட்டும் வேலை செய்வதில்லை, தமனியிலும் செய்யும். அடுத்த கட்டி மறுபடி காலில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூளைக்குப் போகும் தமனியில் வந்தால் பக்கவாதம். 27 வயதில் அதற்கு இடம் கொடுத்துவிட்டுப் பிறகு மருந்தைத் தொடங்குவதில் அர்த்தம் இல்லை.

"அப்படியென்றால் இருந்த மாத்திரையையே தொடரலாமே, ஏன் வார்ஃபரினுக்கு மாற்றினீர்கள்?" என்று உங்கள் கணவர் கேட்டார். ரிவரோக்சபான் வசதியான மாத்திரை. தினம் ஒன்று, ரத்தப் பரிசோதனை தேவையில்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. காலில் கட்டி வந்த பெரும்பாலானோருக்கு நானே அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் மூன்றும் பாசிட்டிவாக உள்ள 120 பேரை இத்தாலியின் பதுவா நகரைச் சேர்ந்த விட்டோரியோ பெங்கோவின் குழு இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரிவரோக்சபானும் மறுபிரிவுக்கு வார்ஃபரினும் கொடுத்துப் பார்த்தது. 2018-இல் முடிவு வெளிவந்தது. ரிவரோக்சபான் சாப்பிட்டவர்களில் நான்கு பேருக்குப் பக்கவாதமும் மூன்று பேருக்கு மாரடைப்பும் வந்தன. வார்ஃபரின் பிரிவில் ஒருவருக்குக்கூட வரவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த நோயாளிகளுக்குப் புதிய வகை மாத்திரைகளைப் பரிந்துரைக்கவில்லை என்று எச்சரித்தது. வார்ஃபரின் தொல்லை பிடித்த பழைய மருந்துதான். ஆனாலும் உங்கள் நோய்க்கு அதுதான் நல்ல மருந்து.

மாற்றும்போது ஏழு நாள் வயிற்றில் ஊசி போட்டோம். அது ஏன் என்று இப்போது சொல்கிறேன். வார்ஃபரின் வேலை செய்கிறதா என்பதை ஐ.என்.ஆர். என்ற எண்ணால் பார்க்கிறோம். மருந்து இல்லாதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். உங்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளிலேயே எண் ஏறத் தொடங்கும். ஆனால் அந்த ஏற்றத்தை நம்ப முடியாது. ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும் ஓர் உறைபுரதம் முதலில் குறைவதால் எண் ஏறுகிறது. உண்மையான பாதுகாப்பு தரும் புரோத்ராம்பின் குறைய இன்னும் சில நாள் ஆகும். அதற்குள், கட்டி வராமல் இயற்கையாகக் காக்கும் புரதமும் குறைந்துவிடுவதால் தொடக்க நாட்களில் ஆபத்து கூடக்கூட வாய்ப்பு உண்டு. அந்த இடைவெளியை மூடத்தான் எனாக்சபாரின் ஊசி. 60 கிலோ எடைக்கு 60 மில்லிகிராம், காலையும் மாலையும். நான்காம் நாள் உங்கள் ஐ.என்.ஆர். 1.6. ஆறாம் நாள் 2.1. ஏழாம் நாளும் 2.4 என்று நின்றதைப் பார்த்த பிறகுதான் ஊசியை நிறுத்தினோம்.

இனி ஐ.என்.ஆர். பரிசோதனையை எப்போதும் கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்திலேயே செய்யுங்கள். விரல் நுனியில் குத்தி உடனே எண் காட்டும் சிறிய கருவிகள் மற்றவர்களுக்குச் சரிப்படும். உங்கள் ஆன்டிபாடி அந்தக் கருவியைக் குழப்பி, உள்ளதைவிட அதிகமாகக் காட்ட வைக்கும். கருவி 3 என்று காட்டும், உண்மையில் 2-க்குக் கீழே இருக்கும். நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது கட்டி வந்துவிடும்.

சென்ற மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று என்று பக்கத்துக் கிளினிக்கில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை ஐந்து நாள் கொடுத்தார்கள். நான்காம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. நீங்கள் உடனே பரிசோதித்தது நல்ல காரியம். ஐ.என்.ஆர். 5.8. அந்த ஆன்டிபயாட்டிக், வார்ஃபரின் உடம்பிலிருந்து கழிவதைத் தடுத்துவிட்டது. மாத்திரை அளவு கூடவில்லை, ஆனால் அதன் வேலை கூடிவிட்டது. பெரிய ரத்தக்கசிவு எதுவும் இல்லாததால் இரண்டு வேளை வார்ஃபரினை விட்டு, ஆன்டிபயாட்டிக்கை மாற்றி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் பார்த்தோம். 2.7-க்கு இறங்கியது. பழைய அளவிலேயே மறுபடி தொடங்கினோம். விட்டமின் கே ஊசி போட்டு ஒரேயடியாக எண்ணை இறக்கியிருந்தால், பிறகு பல நாள் வார்ஃபரின் வேலை செய்யாமல் உங்களுக்குக் கட்டி வரும் ஆபத்து வந்திருக்கும்.

ஆகவே எந்த ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும், தொடங்கி மூன்று நான்கு நாளில் ஒரு ஐ.என்.ஆர். பாருங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரோஃபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும். காய்ச்சல் என்று போனால் நம் ஊரில் இடுப்பில் ஓர் ஊசி போட்டு அனுப்புவது வழக்கம். அதை மறுத்துவிடுங்கள், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை. முருங்கைக்கீரையிலும் மற்ற கீரைகளிலும் விட்டமின் கே நிறைய இருப்பதால், ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு அடுத்த மாதம் தொடாமல் இருந்தால் எண் ஏறி இறங்கும். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை மாத்திரை மறந்து அன்றைக்குள் நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம். மருந்துக் கடையில் வார்ஃபரினுக்குப் பதிலாக அசெனோகுமரால் கொடுத்தால் வாங்காதீர்கள். அதுவும் இதே குடும்பத்து நல்ல மருந்துதான், நம் நாட்டில் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். ஆனால் மில்லிகிராம் கணக்கு வேறு.

இந்த மருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. கட்டிக்காக வார்ஃபரினைத் தொடர்பவர்களில் ஆண்டுக்கு நூறு பேரில் இரண்டு பேருக்குச் சற்றுக் குறைவாகப் பெரிய ரத்தக்கசிவு ஏற்படுகிறது. முதியவர்களிடம் அது அதிகம். சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக உள்ள உங்கள் வயதில் குறைவு. மருந்தை நிறுத்தினால் உங்களுக்கு வரக்கூடியதோடு ஒப்பிட்டுத்தான் தொடரச் சொல்கிறேன். மலம் தார்போலக் கறுத்தால், தலையில் அடிபட்டால், இதுவரை வராத கடுமையான தலைவலி வந்தால், எண்ணுக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்களுக்கு அன்றாடம் தொல்லை தரப்போவது மாதவிலக்குதான். பலருக்கு உதிரப்போக்கு கூடும், இரும்புச்சத்து சத்தமில்லாமல் குறையும். சோர்வை வெயில் மேல் பழி போடாமல் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போக்கைக் கட்டுப்படுத்த ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளை எடுக்கவே கூடாது. லெவோநார்ஜெஸ்ட்ரல் வைத்த கருப்பைச் சாதனம் போன்ற வழிகளை மகளிர் மருத்துவரோடு பேசலாம். இன்னொன்றை மிக அழுத்திச் சொல்கிறேன். கோயில் விசேஷம், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் வீடுகளில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் நார்எத்திஸ்டிரோன் மாத்திரை உங்களுக்கு வேண்டாம். அதன் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நாளுக்கு மூன்று மாத்திரை என்று சாப்பிடும்போது அந்த அளவு சிறியதல்ல. வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்தினால், டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்று சொன்னதாக என் பெயரைச் சொல்லுங்கள்.

குழந்தை பற்றி உங்கள் அம்மா தனியாகப் போன் செய்து கேட்டார். உங்களுக்குக் குழந்தை பிறக்கலாம். ஆனால் வார்ஃபரினோடு கருவைச் சுமக்கக் கூடாது. கர்ப்பத்தின் ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரத்துக்குள் அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் மூக்கு, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். எனாக்சபாரின் ஊசி நஞ்சுக்கொடியைக் கடக்காது. அதனால் கர்ப்பம் உறுதியானதும், ஆறாம் வாரத்துக்கு முன்பே, வார்ஃபரினை நிறுத்தி முழு அளவு ஊசிக்கு மாறி, கூடவே சிறிய அளவு ஆஸ்பிரினும் சேர்ப்போம். இந்த ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடியையும் பாதித்துக் கருச்சிதைவு, தாய்க்கு ரத்த அழுத்தம், குழந்தையின் எடைக் குறைவு ஆகியவற்றைக் கொண்டுவரக் கூடியவை என்பதால் ஸ்கேன்களும் அடிக்கடி இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி வார்ஃபரின். தாய்ப்பால் கொடுக்கலாம், தடையில்லை.

வாழ்நாள் முழுக்கவா என்று கேட்டால், நிறுத்தும் தேதி என்று ஒன்று இப்போது இல்லை என்பதுதான் நேர்மையான பதில். சிலருக்கு ஆண்டுகள் போகப் போக ஆன்டிபாடி மறைந்துவிடுகிறது. அப்படி மறைந்தவர்களுக்கு நிறுத்துவது பாதுகாப்பானது என்று உறுதி சொல்ல இன்றுள்ள ஆதாரம் போதாது. வருடத்துக்கு ஒருமுறை நாம் உட்கார்ந்து ரத்தக்கசிவு, ஐ.என்.ஆர். நிலவரம், உங்கள் திட்டங்கள் எல்லாவற்றையும் பார்த்து மறுபடி முடிவெடுப்போம்.

அதுவரை இரண்டு காரியம் செய்யுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி யார் சொன்னாலும், சொன்னவர் டாக்டராகவே இருந்தாலும், நிறுத்துவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். மாதவிலக்கு ஐந்து நாள் தள்ளிப்போனால் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், இரண்டு கோடு வந்தால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுங்கள்.